மொழிச் சார்பியல்: நீலத்துக்கு இரண்டு சொல் இருந்தால் கண்ணும் மாறுமா?

நாம் பேசும் மொழி நாம் சிந்திக்கும் விதத்தையும் ஏதோ ஓர் அளவுக்கு மாற்றுகிறது என்ற கருத்துக்குத்தான் லிங்குயிஸ்டிக் ரிலேட்டிவிட்டி என்று பெயர். இதைச் சிலர் 'மொழியியல் சார்பியல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மொழியியல் என்பது மொழியை ஆராயும் துறை. இங்கே சிந்தனை சார்ந்திருப்பது அந்தத் துறையை அல்ல, மொழியை. வெறுமனே 'மொழிச் சார்பு' என்றாலோ, ஏதோ ஒரு மொழியின் பக்கம் சாய்ந்து பேசுவது போல ஆகிவிடும். அதனால் 'மொழிச் சார்பியல்'தான் பொருத்தம்.

இதிலுள்ள 'சார்பியல்' இயற்பியலிலிருந்து வந்தது. பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்கர், தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மொழிகளை ஆராய்ந்தவர், 1940-ல் ஒரு கட்டுரையில் இதைப் 'புதிய சார்பியல் தத்துவம்' என்று அறிமுகப்படுத்தினார். ஒரே உலகத்தைப் பார்த்தாலும், மொழிப் பின்னணி ஒத்திருந்தால் தவிர, எல்லோரும் ஒரே சித்திரத்துக்கு வந்து சேர்வதில்லை என்பது அவர் வாதம். அவருடைய ஆசிரியர் எட்வர்ட் சபீர் பெயரையும் சேர்த்து 'சபீர்–வோர்ஃப் கருதுகோள்' என்கிறார்களே, அப்படி ஒன்றை அந்த இருவரும் சேர்ந்து எழுதவே இல்லை, இருவரும் இறந்த பிறகு மற்றவர்கள் ஒட்டிய பெயர் அது.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? நிறம் வசதியானது. ஒளியை அளக்கலாம், சொல் மட்டும் மொழிக்கு மொழி மாறும். ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கு 'கலுபோய்', அடர் நீலத்துக்கு 'சீனிய்' என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. நாம் கருநீலம், வெளிர் நீலம் என்று அடைமொழி சேர்த்துச் சமாளிப்பதைப் போல அல்ல. சிவப்பும் மஞ்சளும் நமக்கு எப்படித் தனித்தனி நிறங்களோ, அப்படி.

2007-ல் உளவியல் ஆய்வாளர்கள் ஜொனாதன் வினாவரும் லெரா போரோடிட்ஸ்கியும் அவர்களுடைய சகாக்களும் வெளியிட்ட சோதனை இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்தியது. வெளிரிலிருந்து அடர்த்தி வரை 20 நீலச் சாயல்கள். திரையில் மேலே ஒரு சதுரம், கீழே இரண்டு. கீழே உள்ளவற்றில் ஒன்று மேலே உள்ளதைப் போலவே இருக்கும். அது எது என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். சதுரங்கள் மூன்றும் கண்ணெதிரே இருப்பதால் ஞாபகம் தேவையில்லை, நிறத்துக்குப் பெயர் சொல்லவும் தேவையில்லை. கணக்கில் எடுத்தது பதிலுக்கு ஆன நேரம். பொருந்தாத சதுரம் கலுபோய்–சீனிய் எல்லைக்கு மறுபக்கம் இருந்தபோது ரஷ்ய மொழியினர் விரைவாகப் பதில் சொன்னார்கள், இரண்டும் ஒரே பக்கம் இருந்தபோது தாமதித்தார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால், வளர்ந்த சூழலாலோ வேறு ஏதாவதாலோ இருக்கலாம் என்று யாரும் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் அதே சோதனையை, 8 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார்கள். ரஷ்ய மொழியினரின் வேகச் சலுகை காணாமல் போனது! எண்ணுக்குப் பதிலாகக் கட்டங்களின் அமைப்பு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது அது அப்படியே இருந்தது. ஆக, கவனம் சிதறியது காரணமில்லை. சொற்களைக் கையாளும் பகுதியை வேறு வேலையில் மாட்டிவிட்டால் மட்டுமே பலன் மறைகிறது, அப்படியென்றால் நிறத்தைப் பார்க்கும் அந்தக் கணத்திலேயே, யாரும் கேட்காமலே, மொழி உள்ளே வந்து ஒரு கை போடுகிறது.

எவ்வளவு பெரிய கை? பேசப்படுவது நொடியின் சிறு பின்னங்கள். சாயல்கள் மிக நெருக்கமாக இருந்து கண் தடுமாறும்போதுதான் பலன் நன்றாகத் தெரிகிறது. வித்தியாசம் பளிச்சென்று இருந்தால் சொல்லின் உதவி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆங்கிலம் பேசுபவர்களும் இந்தச் சாயல்களைப் பிரித்தறிந்தார்கள், வெளிர், அடர் என்று பிரிக்கச் சொன்னால் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு போட்டார்கள்.

எனவே 'சொல் இல்லாவிட்டால் அந்த நிறமே தெரியாது' என்று இணையத்தில் சுற்றும் கதை மொழிச் சார்பியல் அல்ல. மொழி சிந்தனையைக் கட்டிப்போட்டுவிடுகிறது என்ற அந்தக் கடுமையான வாதத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. அதை 'மொழி நியதிவாதம்' எனலாம். இந்தோனேசியாவின் பாப்புவா பகுதியில் வாழும் டானி மக்களைப் பற்றி 1970-களில் உளவியலாளர் எலினார் ராஷ் வெளியிட்ட ஆய்வுகளே அதற்குப் பெரிய அடி கொடுத்தன. அவர்கள் மொழியில் நிறத்துக்கு அடிப்படைச் சொற்கள் இரண்டுதான், இருந்தும் தெளிவான சிவப்பு போன்ற 'நல்ல மாதிரி' நிறங்களை மங்கலான கலவை நிறங்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அந்த முடிவுகளையும் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். பாப்புவா நியூ கினியின் பெரின்மோ மொழியினரிடம் டெபி ராபர்சன் குழு செய்த சோதனைகளில், நினைவும் வகைப்படுத்தலும் அந்த மொழியின் சொல் எல்லைகளை ஒட்டியே போயின.