வளவுக்குள் விழும் வெயில்: ஈவீயா, சைக்கிள்ஸா?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இரண்டரை நிமிடக் குறும்படம் செய்கிறாராம். செட்டிநாட்டு வீட்டு வளவில் ஓர் ஆச்சியும் பேத்தியும் பல்லாங்குழி ஆடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. "ஆட்கள் மேல் வெயிலும் நிழலும் கார்ட்டூன் மாதிரி இரண்டே வண்ணமாகப் பிரிந்து நிற்க வேண்டும். ஆனால் எங்கள் வளவில் மதியம் இருக்குமே ஒரு வெளிச்சம், அதுவும் வேண்டும். ஈவீயில் செய்வதா, சைக்கிள்ஸில் செய்வதா?"

ஈவீயும் சைக்கிள்ஸும் பிளெண்டரில் காட்சியைப் படமாக்கித் தரும் இரண்டு வழிகள். முதலில் கணக்கு. இரண்டரை நிமிடம் என்றால் நொடிக்கு 24 வீதம் 3,600 படங்கள். அவருடைய மடிக்கணினியில் ஒரு படத்துக்குச் சைக்கிள்ஸ் மூன்று நிமிடம் எடுக்கிறது, ஈவீ நான்கு நொடி. அதாவது ஏழரை நாள், அல்லது நான்கு மணி நேரம். ஒரு தூணின் நிறத்தை மாற்றினால் மறுபடியும் ஏழரை நாள். (எதில் செய்தாலும் வீடியோவாக நேரே எழுதாமல் படம் படமாக PNG-யில் எழுதுங்கள். கரண்ட் போனால் ஒரு படத்தோடு போய்விடும்.)

நேரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பதில் சுலபம். அவர் கேட்ட இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை என்பதுதான் சிக்கல்.

வளவு வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். திறந்த முற்றத்தில் வெயில் நேராக விழுகிறது. சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கு அந்த வெயில் நேரே வருவதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பட்டு, அதன் சிவப்பில் கொஞ்சம் தோய்ந்து, வெள்ளைச் சுவரில் மோதி, தேக்கு விட்டத்தின் அடிப்பக்கம் வரை ஏறுகிறது. சைக்கிள்ஸ் இந்தப் பயணத்தைத்தான் தலைகீழாக நடந்து பார்க்கிறது. கேமராவிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டு, படும் இடத்திலிருந்து ஏதோ ஒரு திசையில் தெறித்து, ஒளி இருக்கும் இடம் வரை தேடிப் போகும். இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கில் அனுப்பி, வந்த விடைகளைச் சராசரி எடுக்கிறது. புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு கதிர் வேண்டும் என்பதால்தான் இத்தனை நேரம்.

ஈவீ வேறு வழி. விளையாட்டுகளைப் போல, எந்தப் பரப்பு கண்ணில் படுகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு நேரடி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. 4.2 பதிப்பிலிருந்து அதிலும் கதிர் விடும் வசதி உண்டு, ஆனால் அந்தக் கதிர் திரையில் தெரிவதை மட்டுமே அறியும். வெயில் விழுந்த தரை சட்டகத்துக்குள் இருக்கும்வரை சுவரில் சிவப்பு ஏறியிருக்கும். கேமரா மேலே திரும்பித் தரை வெளியே போனதும் சிவப்பு வடிந்துவிடும். தம்பி அனுப்பிய சோதனைக் காட்சியில் இதுதான் நடந்திருக்கிறது. அவர் அதை விளக்கின் கோளாறு என்று நினைத்திருக்கிறார்.

அப்போ சைக்கிள்ஸே சரிதானே என்றால், அங்கே இரண்டு வண்ண நிழல் இடிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

ஈவீயில் இந்த நிழலுக்கு வழக்கமான வழி Shader to RGB என்ற நோடு. பொருளின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை அது ஓர் எண்ணாகக் கொடுக்கும். அதை Color Ramp-க்குள் விட்டு, Constant என்று வைத்தால் பாதிக்கு மேல் வெயில், கீழே நிழல் என்று வெட்டிவிடலாம். சைக்கிள்ஸில் இந்த நோடு வேலை செய்யாது. யாரோ சோம்பலில் எழுதாமல் விட்டதாகப் பலர் குறைபடுகிறார்கள். சோம்பல் இல்லை, சைக்கிள்ஸ் வேலை செய்யும் விதத்திலேயே அதற்கு இடமில்லை.

ஆச்சியின் கன்னத்தில் ஒரு புள்ளியிலிருந்து பத்துக் கதிர் போகிறது என்று வையுங்கள். மூன்று வெளிச்சத்தில் பட்டு 1 என்கின்றன, ஏழு இருட்டில் மாட்டி 0 என்கின்றன. சராசரி 0.3. பாதிக்குக் கீழே, அதனால் அந்தப் புள்ளி நிழல். ஆனால் இந்த 0.3 கடைசிக் கதிர் திரும்பிய பிறகுதான் தெரியும். கதிர் போய்க்கொண்டிருக்கும்போதே வெட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு கதிராக வெட்டுவோம்: மூன்று 'வெயில்', ஏழு 'நிழல்'. பிறகு சராசரி எடுத்தால் முப்பது சதவீதம் வெயில் கலந்த மங்கல் நிறம். பக்கத்துப் புள்ளியில் நாற்பது, அடுத்ததில் ஐம்பது. கோடே விழாது, பழைய மிருதுவான நிழல்தான் திரும்பி வரும். சராசரி எடுத்து வெட்டுவதும், வெட்டிச் சராசரி எடுப்பதும் ஒன்றல்ல. வாக்கை எண்ணி முடித்து வெற்றியை அறிவிப்பதற்கும், ஒவ்வொரு சீட்டைப் பிரிக்கும்போதும் ஒருவரை வெற்றி பெற்றதாக அறிவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதிர் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டப் புண்ணியம் என்று ஒரு நம்பிக்கை நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பிளெண்டரில் தானாக இருக்கும் 4096 என்ற உச்சவரம்பைக் குறைக்கவே பயப்படுகிறார்கள். மேலே சொன்ன சிக்கல் நாலாயிரம் கதிருக்கும் நாற்பதாயிரம் கதிருக்கும் ஒன்றுதான். ராகுகாலம் பார்த்து ரெண்டரிங்கைத் தொடங்குபவரைக்கூட எனக்குத் தெரியும், அவருக்கும் கோடு விழவில்லை.

இதே விளக்கத்திலேயே வழியும் இருக்கிறது. சராசரி முடிந்த பிறகு வெட்டலாம் என்றால், வீட்டுக்கு மட்டும் சராசரியை முன்கூட்டியே முடித்துவிட்டால் என்ன? தூணும் சுவரும் நகரப்போவதில்லை. சைக்கிள்ஸில் Bake என்ற வசதி, ஒளியைக் கணக்கிட்டு அந்தந்தப் பரப்பின் மேல் படமாகப் பதித்துவிடும். Diffuse வகையைத் தேர்ந்து Color-ஐ நீக்கிவிட்டால், நிறம் சேராத வெறும் ஒளி கிடைக்கும்.

நேரே விழும் ஒளி Direct, தெறித்து வருவது Indirect. இரண்டையும் ஒன்றாகப் பதித்துவிடாதீர்கள். பதித்த வெயிலை யாரும் மறைக்க முடியாது. ஆச்சி அதில் கை நீட்டினால் தரையில் நிழலே விழாது. அதனால் சூரியனை எரியவிட்டு Indirect மட்டும் ஒரு முறை. பிறகு சூரியனை அணைத்து Direct மட்டும் ஒரு முறை, ஏனென்றால் வானத்தின் வெளிச்சத்தைச் சைக்கிள்ஸ் நேரடிக் கணக்கில் சேர்க்கிறது. இரண்டையும் கூட்டினால் நேர்வெயில் தவிர மற்ற எல்லாம் வந்துவிடும். பரப்புகளைப் படத்தின் மேல் விரித்து வைக்கும் UV ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும், படம் 32 பிட் EXR ஆக இருக்க வேண்டும்.

இனி எல்லாம் ஈவீயில். வான வெளிச்சம் ஏற்கெனவே பதிந்திருப்பதால் அங்கே World வலிமையை 0 ஆக்கிவிடுங்கள். பதித்த ஒளி இப்போது முடிந்துபோன எண், அதை Color Ramp-இல் தாராளமாக வெட்டலாம். நேர்வெயில் மட்டும் உயிருள்ள சூரிய விளக்கிலிருந்து, Shader to RGB வழியாக வந்து அதன்மேல் கூடும். விளக்கின் Angle-ஐ 0 ஆக்கினால் நிழல்கோடு கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். ஆச்சிக்கும் பேத்திக்கும் தரையின் சிவப்பு தானாக ஏறாது. அவர்களுடைய நிழல் வண்ணத்திலேயே கொஞ்சம் செம்மண் நிறம் கலந்துவிடுங்கள்.

தரையின் பளபளப்பு கேமராவோடு நகர்வது என்பதால் அது பதியாது. திரைக்கதிர் கொடுப்பதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். காலை, மதியம், மாலை என்று மூன்று பொழுது காட்டினால் மூன்று பதிவு. ஆச்சி அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போகும் கடைசிக் காட்சியில் ஒளியே நகர்கிறது, அங்கே இந்த வித்தை எடுபடாது. அதற்கு விளக்கோடு சேர்த்து, தரையை ஒட்டி இன்னொரு மங்கலான சிவப்பு விளக்கைக் கட்டிவிடுங்கள், நிழல் விழாதபடி.