எப்போது அப்படியே மேற்கோள் காட்டணும், எப்படி?

1953-இல் நேச்சர் இதழில் வந்த வாட்சன், கிரிக் கட்டுரையை ஆய்வேட்டில் எடுத்தாள்வதாக வைத்துக்கொள்வோம். டி.என்.ஏ. இரட்டைச் சுருள், அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் இணைகிறது என்பதெல்லாம் வெறும் தகவல். இதை உங்கள் நடையில் எழுதி, ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுத்தால் போதும். அவர்கள் வாக்கியத்தையே தூக்கி வைப்பதால் வாசகருக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது.

ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு வாக்கியம் வருகிறது. தாங்கள் முன்வைக்கும் இந்த இணைவு, மரபுப்பொருள் நகலாகும் ஒரு சாத்தியமான வழியையும் உடனே உணர்த்துகிறது, அது தங்கள் கவனத்துக்குத் தப்பவில்லை என்கிறார்கள். இதைச் சுருக்கி ‘டி.என்.ஏ. நகலாகும் விதத்தைக் கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதினால் தப்பாகிவிடும். அவர்கள் சொன்னது சாத்தியம் மட்டுமே, அதற்கு வலுவான சோதனைச் சான்று 1958-இல் மெசெல்சனும் ஸ்டாலும் செய்த ஆய்வில்தான் வந்தது. எவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள் என்பதே இங்கே விஷயம், அந்த அளவு சொற்களுக்குள் இருக்கிறது, அதனால் அப்படியே எடுக்க வேண்டிய இடம் இது. சட்டப்பிரிவு, வரையறை, நீங்கள் மறுக்கப்போகும் கூற்று இவற்றுக்கும் இதே கணக்குதான்.

சரி, எப்படிப் போடுவது? ஏபிஏ எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடையில் எல்லைக்கோடு 40 சொற்கள். அந்த ஆங்கில வாக்கியம் 23 சொல்தான், ஆகவே ஆங்கில ஆய்வேட்டில் அது உங்கள் பத்திக்குள்ளேயே இரட்டை மேற்கோள் குறிக்குள் வரும். குறியை மூடியதும் அடைப்புக்குள் ஆசிரியர், ஆண்டு, பக்க எண், அதற்கப்புறம்தான் முற்றுப்புள்ளி. 40 சொல்லோ அதற்கு மேலோ போனால் புதிய வரியில் தொடங்கி, முழுப் பகுதியையும் இடப்பக்கம் அரை அங்குலம் உள்ளே தள்ள வேண்டும். இங்கே மேற்கோள் குறி கிடையாது, தள்ளி நிற்பதே மேற்கோள் என்று காட்டிவிடுகிறது. முற்றுப்புள்ளியின் இடமும் மாறும்: முதலில் புள்ளி, பிறகு அடைப்புக்குறி, அதன் பின்னால் எதுவும் வராது. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், உள்ளே தள்ளிய பிறகும் பழக்கத்தில் குறியைப் போட்டுவிடுகிறார்கள். நடுவில் எதையாவது விட்டால் மூன்று புள்ளி, நீங்கள் ஒரு சொல் சேர்த்தால் சதுர அடைப்பு. ‘சாத்தியமான’ போன்ற சொல்லை விட்டுவிட்டுப் புள்ளி வைப்பது மட்டும் கூடவே கூடாது, அர்த்தமே மாறிப்போகும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று முக்கியம். ஆங்கில வாக்கியத்தை நீங்களே மொழிபெயர்த்தால், ஏபிஏ கணக்கில் அது நேரடி மேற்கோள் அல்ல, உங்கள் நடையில் சொன்னதாகவே கொள்ளப்படும், மேற்கோள் குறி போடக்கூடாது. வாட்சன், கிரிக் சொன்னதை நான் மேலே குறியில்லாமல் எழுதியதும் அதனால்தான். ஏற்கெனவே அச்சில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தால் மட்டும் குறி போடலாம், அப்போது அந்த மொழிபெயர்ப்பின் பக்க எண்ணைக் கொடுங்கள்.