மகாரி என்றால் 'ஒருவேளை' மட்டும்தானா?

இத்தாலியப் படங்களின் தமிழ் வசனவரிகளில் 'மம்மா மீயா' என்றால் 'என் தாயே', 'மகாரி' என்றால் 'ஒருவேளை' என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். இரண்டையும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

முதலாவதில் பெரிய சிக்கல் இல்லை. இத்தாலியர் சாதாரணமாகத் தன் அம்மாவைச் சொல்லும்போது 'மீயா மாத்ரே' என்பார்; 'மீயா' முன்னால் வரும். 'மம்மா'வுக்குப் பின்னால் போய்விட்டால் அது பெரும்பாலும் வெறும் வியப்பொலி. 'தீயோ மீயோ' (கடவுளே) என்பதும் அதே அமைப்புதான். பில்லைப் பார்த்து அதிர்ந்தாலும், பாஸ்தா ருசித்தாலும், பேருந்தைத் தவறவிட்டாலும் 'மம்மா மீயா'தான். நம்மிடம் 'அம்மாடி', 'அடேயப்பா', 'ஐயையோ' எல்லாம் இருக்கின்றன. இடம் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 'என் தாயே' என்றால் பாஸ்தா தின்கிறவர் அம்மன் சன்னதியில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது.

மகாரிதான் வம்பு. வேர் கிரேக்கத்தில் இருக்கிறது: 'மக்காரியோஸ்', பேறு பெற்றவர். அதன் விளி வடிவம் 'மக்காரியே' இத்தாலியில் மகாரி ஆனது. ஏக்கம் அதன் பிறப்பிலேயே உண்டு.

"லாட்டரி விழுந்துச்சாமே?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் "மகாரி!" என்கிறார். வசனவரியில் 'ஒருவேளை'. ஆசாமி பரிசை மறைக்கிறார் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அவர் சொன்னதோ, "அதுக்கெல்லாம் கொடுத்து வைக்கணுமே!" விழவில்லை, விழுந்தால் தேவலை, விழப்போவதும் இல்லை, மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. சிலர் தூய தமிழ் வேண்டுமென்று 'அவ்வாறே ஆகுக' என்கிறார்கள். அது வாழ்த்து, நடக்கும் என்ற தெம்போடு சொல்வது. மகாரியில் அந்தத் தெம்பு கிடையாது. 'கொடுத்து வைக்கணுமே'யில் பேறும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது. இதைவிடத் தூய்மை எதற்கு?

'ஒருவேளை' எப்போதும் தப்பு என்று சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்த்தால் தெரிந்துவிடும். 'மகாரி பியோவே' என்றால் ஒருவேளை மழை பெய்யலாம். 'மகாரி பியோவெஸ்ஸே!' என்றால் மழை பெய்யக் கூடாதா! வினை 'பியோவெஸ்ஸே' போலவோ, 'இருக்கக் கூடாதா' என்னும் 'ஃபொஸ்ஸே' போலவோ வந்தால் ஆசை. வினையே இல்லாமல் பதிலாகத் தனித்து வந்தால் பெரும்பாலும் ஆசைதான். சாப்பிடக் கூப்பிட்டவரிடம் "மகாரி!" என்றால் ஆசையாகத்தான் இருக்கிறது என்று பொருள், வருவார், அல்லது வர முடியாமல் ஏங்குவார். 'மகாரி உன் ஆல்த்ரா வோல்தா' என்றால் "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று நாசூக்காகக் கழன்றுகொள்கிறார்.

இந்தக் குழப்பத்துக்கு இத்தாலியைக் குறை சொல்லிப் பயனில்லை. மூலத்தைக் கேட்காமல் ஆங்கில வசனவரியிலிருந்து தமிழுக்கு இறக்கினால், அங்கே 'மேபி' என்று தப்பாகப் போட்டது இங்கேயும் தப்பாகவே வந்து உட்காரும். நடிகர் கையை விரித்துப் பெருமூச்சு விடுகிறார். கீழே 'ஒருவேளை' ஓடுகிறது. முகத்தையாவது பார்த்துவிட்டு எழுதக் கூடாதா?