கோப்பு கிடைத்துவிட்டது, ஆனால் அது வேறு நாள் பாட்டு

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி ஹார்ட் டிஸ்க்கோடு என் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஓர் ஓதுவார் பாடிய எட்டுத் தேவாரப் பதிகங்களைத் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு நாள் ரெக்கார்டு செய்து, தன் லேப்டாப்பில் வெட்டி ஒட்டி முடித்திருந்தார். மிக்ஸிங் மட்டும் புதுச்சேரியில், என்னிடம். ரீப்பர் மென்பொருளில் திறந்தவுடன் 37 ஆடியோ கோப்புகளைக் காணோம் என்றது. டிராக்குகள் இருக்கின்றன, வெட்டுகள் இருக்கின்றன, வால்யூம் கோடுகள்கூட இருக்கின்றன; ஆடியோ மட்டும் இல்லை.

"அண்ணே, டிஸ்க்குல எல்லாம் இருக்கே. நேத்து ராத்திரிகூட ஓடிச்சே!"

அவர் சொன்னது சரிதான். டிஸ்க்கில் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. ப்ராஜெக்ட் கோப்புக்குள் பாட்டு இருப்பதில்லை. எந்தக் கோப்பை, எந்த வினாடியிலிருந்து, எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அவர் லேப்டாப்பில் அந்த டிஸ்க்கின் எழுத்து E:. என் கணினியில் E: என்பது என்னுடைய சாம்பிள் டிஸ்க், அவருடையது F: ஆகிவிட்டது. வீடு அங்கேயே இருக்க, தெருப் பெயர் மாறிப்போன கதை.

இந்த இடத்தில் நான் அவசரப்பட்டேன். காணாமல்போன கோப்புகளைத் தேடச் சொல்லி F: டிஸ்க்கை மொத்தமாகக் காட்டினேன். சற்று நேரத்தில் அலைவடிவங்கள் வந்துவிட்டன. தம்பி முகம் மலர்ந்தது. மூன்றாவது பதிகத்தை ஓட்டினால், ஒரு சொல்லின் பாதியில் குரல் தொடங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீர் கேட்கிறார்.

அது முதல் நாள் ஒத்திகை. அவர்கள் பயன்படுத்தியது கையடக்க ரெக்கார்டர். மெமரி கார்டை ஃபார்மெட் செய்தால் அது மறுபடி 001-இலிருந்து எண்ணத் தொடங்கும். அதனால் DAY1 ஃபோல்டரிலும் DAY2 ஃபோல்டரிலும் அதே `REC001_Tr1.WAV`. பெயரை வைத்துத் தேடும்போது முதலில் கையில் சிக்கியதை இணைத்துவிடும். கோப்பு கிடைக்காவிட்டால் ஒரு எச்சரிக்கையாவது வரும். தப்பான கோப்பு கிடைத்தால் எந்த எச்சரிக்கையும் வராது, அதுதான் பயம்.

சேமிக்காமல் மூடினேன். இந்த நிலையில் Ctrl+S அடித்திருந்தால் பழைய முகவரிகளின் மேல் புதிய, தவறான முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். ஆகவே எந்தத் தேடலுக்கும் முன்னால் ப்ராஜெக்ட் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். அது சின்னக் கோப்புதான், இடத்தை அடைக்காது.

அப்புறம் அந்த .RPP கோப்பை நோட்பேடில் திறந்தேன். ரீப்பரில் எனக்குப் பிடித்த விஷயம் இது: ப்ராஜெக்ட் வெறும் எழுத்துக் கோப்பு, கண்ணால் படிக்கலாம். தேவையான வரிகளை மட்டும் தருகிறேன்.

```
<ITEM
  LENGTH 38.2
  LOOP 1
  SOFFS 530.0
  <SOURCE WAVE
    FILE "E:\KOIL\DAY2\REC001_Tr1.WAV"
  >
>
```

FILE வரியே DAY2 என்று சொல்கிறது. SOFFS என்றால் கோப்பின் 530-ஆவது வினாடியிலிருந்து ஓட்டு என்று பொருள். LENGTH 38.2 வினாடி. ஆக, சரியான கோப்பு குறைந்தது 568.2 வினாடி நீளம் இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு வினாடிக்கு 1,44,000 பைட். பெருக்கினால் கிட்டத்தட்ட 8.18 கோடி பைட். கோப்பின் Properties-இல் பார்த்தேன்: DAY1 கோப்பு 7.92 கோடி பைட்தான், அதாவது 550 வினாடி. DAY2 கோப்பு 12.38 கோடி. முதலாவது இங்கே பொருந்தவே வழியில்லை.

அப்படியானால் கோப்பு தீர்ந்த இடத்தில் ஏன் மௌனம் வரவில்லை? LOOP 1 வரியைப் பாருங்கள். கோப்பு முடிந்தால் ரீப்பர் அதைத் தலையிலிருந்து மறுபடி ஓட்டும். அந்தத் துண்டை ஜூம் செய்து பார்த்தபோது 20-ஆவது வினாடியில் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம். பேச்சோ பாட்டோ ரெக்கார்டு செய்த துண்டில் அந்த அடையாளம் தெரிந்தால் தப்பான கோப்பு என்று சந்தேகப்படலாம்.

சரி, மருந்து என்ன? கோப்புகளைத் தேடி அலையாமல், பழைய முகவரியையே திரும்ப உண்டாக்கிவிடுவதுதான் என் வழி. என் சாம்பிள் டிஸ்க்கைப் பாதுகாப்பாகக் கழற்றினேன். E: காலியானது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒரே வரி:

```
subst E: F:\
```

இப்போது விண்டோஸுக்கு F: டிஸ்க்கே E: என்ற பெயரிலும் தெரியும். ரீப்பரைத் திறந்தேன், E: முகவரி கொண்ட ஒவ்வொரு கோப்பும் தன் ஃபோல்டரிலிருந்தே வந்தது. பெயர் மோதலுக்கு இடமே இல்லை, ஏனென்றால் தேடலே நடக்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டால் இந்த ஏற்பாடு மறைந்துவிடும். முன்பே நீக்க வேண்டுமானால் `subst E: /D`. ஒன்று மட்டும் கவனம்: ரீப்பரை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் சாதாரணமாக உண்டாக்கிய இந்த E: அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

திறந்த கையோடு Save project as கொடுத்து, மீடியா எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் பெட்டியை டிக் செய்து என் டிஸ்க்கில் சேமித்தேன். அதே சன்னலில் நகலுக்குப் பதில் இடம் மாற்றும் தேர்வும் உண்டு. அடுத்தவர் டிஸ்க்கில் அதைத் தொடாதீர்கள். மூலக் கோப்புகளே இடம் பெயர்ந்துவிடும். கியூபேஸில் இந்த வேலைக்கு Prepare Archive, ஏபிள்டனில் Collect All and Save, ப்ரோ டூல்ஸில் ஆடியோவையும் டிக் செய்த Save Copy In. ஊர் விட்டு ஊர் போகும் முன், பழைய கணினியிலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. தம்பி செய்திருந்தால் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மேக்கிலிருந்து வரும் ப்ராஜெக்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு, நம் எழுத்துக்கே உரியது. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றும் வைக்கலாம். பழைய மேக் டிஸ்க்குகளின் HFS+ முறை பிரித்தே வைக்கும். 'கோயில் மணி' என்று கண்ணுக்கு ஒரே பெயர்தான் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு பெயர்கள். கோப்புக்கு மட்டுமாவது ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூடவே, கார்டிலிருந்து இறக்கும்போதே முன்னால் நாளைச் சேர்த்து `D2_REC001_Tr1.WAV` என்று மாற்றச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சோதனை. தம்பியின் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, E: பெயரையும் நீக்கிவிட்டு, என் நகலைத் திறந்தேன். 36 கோப்புகள் வந்துவிட்டன. ஒன்று வரவில்லை: தம்பூரா. முகவரியைப் பார்த்தால் அவருடைய C: டிரைவின் Downloads ஃபோல்டர். இணையத்திலிருந்து இறக்கி, அங்கிருந்தே இழுத்துப் போட்டிருக்கிறார். டிஸ்க்குக்கு அது வரவே இல்லை.

போன் செய்தபோது பஸ் கன்னியக்கோயிலைத் தாண்டியிருந்தது. "வீட்டுக்குப் போனதும் வாட்ஸாப்ல அனுப்புறேன்ணே" என்றார். "ஆடியோவா வேணாம் தம்பி, டாக்குமெண்ட்டா அனுப்புங்க. எத்தனை பைட்டுன்னும் எழுதிடுங்க" என்றேன்.