மீச்சிற்றளவு இருக்க, தெளிவுத்திறன் எதற்கு?

கடலூர் சிப்காட் பக்கம் அளவுத்திருத்த வேலை பார்ப்பவர்களிடையே சுற்றும் தமிழ்ப் பயிற்சிக் குறிப்புகளில் 'காட்சித் தெளிவுத்திறன்' என்று அடிக்கடி பார்க்கிறேன். டிஸ்ப்ளே ரெசல்யூஷனுக்காம். 

தெளிவுத்திறன் போட்டோவுக்கும் டிவிக்கும் பொருந்தும். டிஜிட்டல் மீட்டரில் நாம் பேசுவது கடைசி இலக்கம் ஒரே தாவலில் எவ்வளவு நகர்கிறது என்பதை. அது திறனே அல்ல, ஓர் அளவு. டிகிரியிலோ கிராமிலோ சொல்ல வேண்டியது. தெளிவு என்று கேட்டதும் படிப்பவர் மனது துல்லியத்துக்குப் போய்விடுகிறது, 'கருவி 0.1 வரை சரியாகக் காட்டும்' என்று எழுதிவிடுகிறார். இரண்டும் வேறு. 0.1 டிகிரி படியுள்ள வெப்பமானி இரண்டு டிகிரி தப்பாகவும் காட்டலாம். பள்ளியில் வெர்னியரோடு படித்த 'மீச்சிற்றளவு' கையில் இருக்கிறது. மீ, சிறு, அளவு: சொல்லிலேயே பொருள் கிடக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவானேன்?

அடுத்தது, ரெக்டாங்குலர் டிஸ்ட்ரிபியூஷனுக்கு எழுதும் 'செவ்வகப் பங்கீடு'. பங்கீடு ரேஷன் கடை வேலை. இங்கே எதையும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. புள்ளியியலில் ஏற்கெனவே 'பரவல்' நிலைத்திருக்கிறது. செவ்வகப் பரவல் என்றால் போதும்.

அடுப்பு வெப்பமானி 80.3 காட்டுகிறது என்று வைப்போம். உள்ளே இருக்கும் மதிப்பு முழுமையாக்கப்பட்டுத்தான் திரைக்கு வருகிறது. ஆகவே அது 80.25-க்கும் 80.35-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். நடுவில் இருக்க வாய்ப்பு அதிகம், ஓரத்தில் குறைவு என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அதனால் மணி வடிவம் வராது. மேல்பக்கம் தட்டையான செவ்வகம்தான். அதன் அரை அகலம் 0.05. அதை √3-ஆல் வகுத்தால், அளவீட்டில் எவ்வளவு ஐயம் என்று சொல்லும் திட்ட நிச்சயமின்மை 0.029 டிகிரி. பலர் 0.1-ஐயே √3-ஆல் வகுத்து இரண்டு மடங்காக்கிவிடுகிறார்கள். 'தெளிவுத்திறன் ±0.1' என்று அச்சிட்டால் வேறென்ன நடக்கும்?

பத்து முறை அளந்தும் பத்தும் 80.3 என்றே வந்தால் திட்ட விலக்கம் பூஜ்யம். அதற்காக நிச்சயமின்மையும் பூஜ்யம் என்று எழுதக் கூடாது; அந்தப் பத்து அளவீடுகளும் அதே செவ்வகத்துக்குள் ஒளிந்திருக்கின்றன, 0.029 கணக்கில் வர வேண்டும். மாறாக, கடைசி இலக்கம் மூன்று நான்கு படி ஆடினால், அந்தச் சிதறலுக்குள்ளேயே மீச்சிற்றளவின் பங்கும் அடங்கிவிடும். அப்போது இரண்டையும் சேர்த்தால் ஒன்றையே இரண்டு முறை எண்ணியதாகும் என்பதால், இரண்டில் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்வது பல ஆய்வகங்களின் வழக்கம்.