மனப்பாடம் செய்த வசனமும் பொத்திய கையும்

தமிழ்மொழித் தினப் போட்டி நாடகங்களில் பிள்ளைகள் வசனம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ராகம் நன்றாகப் பழக்கம். ஒவ்வொரு சொல்லும் பிரித்து, ஒரே அழுத்தத்தில், வாக்கியத்தின் கடைசியில் குரலைத் தூக்கி. மேடைக்கு அது பொருந்தும். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டுமே. ஆனால் படப்பிடிப்பில் கமரா முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது, அதே பிள்ளை அதே ராகத்தில் பேசினால் ஒரு சொல்லைக்கூட நம்ப முடிவதில்லை.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு தொடர்மாடி வீடு. ஏழு வயதுச் சிறுமி. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதை அம்மம்மா அவளிடம் மறைக்கிறார். பிள்ளை கேட்க வேண்டியது இரண்டே வசனம்: "அம்மா எப்ப வருவா?" பிறகு, "நேத்தும் நாளைக்கெண்டுதானே சொன்னீங்க?"

பெரும்பாலான இயக்குநர்கள் செய்வது என்ன? தாங்களே கவலையான குரலில் சொல்லிக் காட்டி, "இப்படிச் சொல்லுங்கோ" என்கிறார்கள். பிள்ளையும் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்லும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர். ராகமும் சொல்லும் சேர்ந்து ஒரே கட்டியாக மனதில் பதிந்துவிடும். அப்புறம் "கொஞ்சம் மெதுவாக" என்று கேட்டால் ராகம் குலையும், கூடவே சொல்லும் மறந்துபோகும். அதோடு அது ஒரு பெரியவரின் கவலை, பிள்ளையுடையது அல்ல.

மனப்பாடம் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. அம்மம்மாவாக நடிப்பவர் பேசும்போது பிள்ளையின் உதடும் சேர்ந்து அசையும். எதிராளியின் கடைசிச் சொல் விழுந்ததுமே பதில் வரும், ஏனென்றால் பிள்ளை காத்திருந்தது அந்தச் சொல்லுக்காக, கருத்துக்காக அல்ல. வசனம் முடிந்ததும் கண் நேரே இயக்குநரிடம் போகும், "சரியா?" என்பதுபோல. சந்தேகமாக இருந்தால், பிள்ளைக்குத் தெரியாமல், அம்மம்மாவின் வசனத்தை மாற்றிப் பேசும்படி நடிகையிடம் சொல்லுங்கள். பிள்ளை அசையாமல் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

இதில் கண்தான் முக்கியம். கடினமான ஒன்றை நினைவிலிருந்து எடுக்கும்போது மனிதர்கள் எதிரே இருப்பவரின் முகத்திலிருந்து பார்வையை விலக்குவார்கள். ஒரு முகத்தைப் பார்ப்பதே மூளைக்கு வேலைதான். அந்த வேலையைக் குறைத்தால் நினைவு தேடுவது இலகு. பள்ளி வயதுப் பிள்ளைகளிடமும் இதை ஆய்வாளர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். ஆகவே வசனத்தைத் தேடும் பிள்ளையின் கண் கூரையையோ சுவரையோ பார்க்கிறது. ஒரே நேரத்தில் மனதில் தாங்கக்கூடியதும் ஏழு வயதில் பெரியவரைவிடக் குறைவு. சொல், ராகம், நிற்க வேண்டிய இடம், கமராவைப் பார்க்கக் கூடாது என்ற கட்டளை எல்லாம் ஏறிய பிறகு, எதிரே இருக்கும் ஆளைக் கவனிக்க மிச்சம் எதுவும் இருக்காது.

சரி, அந்தக் கவனத்தை எப்படி வெளியே திருப்புவது? ஒரு பழைய சோவியத் ஆய்வு இதற்கு உதவும். 1948இல் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் சிறுபிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். சும்மா "அசையாதே" என்றபோது சீக்கிரமே கலைந்த பிள்ளைகள், காவல்காரனாக விளையாடும்போது அதைவிட அதிக நேரம் நின்றார்கள். உடம்பு அதே, நிற்பதும் அதே. நிற்பதற்கு ஒரு காரணம் வந்ததுதான் வித்தியாசம்.

நம் காட்சிக்கு வருவோம். சிறுமிக்கு வசனத்தை எழுதிக் கொடுக்கவில்லை. தனியாக அழைத்து இவ்வளவுதான் சொல்கிறோம்: "அம்மம்மா கைக்குள்ள ஒரு சாமான் ஒளிச்சு வச்சிருக்கிறா. என்னண்டு கண்டுபிடிக்கோணும், ஆனா தொடக்கூடாது. அம்மா எப்ப வருவா எண்டு கேட்டா அவ தடுமாறுவா. அப்ப வடிவாப் பார்." நடிகைக்கு வேறு குறிப்பு: முதற் கேள்விக்குக் கையை இறுக்குங்கள், பிள்ளை மடக்கிக் கேட்டால் விரலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். "நாளைக்கு வருவா" என்று அவர் சொன்னதும், முந்தின ஒத்திகையிலும் அதையேதான் சொன்னார் என்பது பிள்ளைக்கே நினைவு வரும். இரண்டாவது வசனம் அவளுடைய சொல்லிலேயே வந்துவிடும்.

பொத்திய கை எங்கே இருக்க வேண்டும் என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. மடியில் வைத்தால் பிள்ளை தலையைக் குனிந்துவிடும், இமை மட்டுமே தெரியும். சேலைத் தலைப்பைப் பிடிப்பதுபோலத் தோளுக்கு அருகே வைத்தால் பார்வை முகத்துக்கும் கைக்கும் இடையே சின்னதாகத் தாவும். அண்மைக் காட்சியில் கை தெரியாது. பார்ப்பவருக்குத் தெரிவது, பெரியவரின் முகத்தில் பொய் இருக்கிறதா என்று தேடும் ஒரு பிள்ளை. அவளோ கைக்குள் ஒளித்த டொஃபியைத் தேடுகிறாள். கவலையைச் சேர்ப்பது, முன்பின் காட்சிகளை அறிந்த பார்வையாளர்தான்.

"சோகமாக இரு" என்பது ஏன் உதவாது என்பதும் இதிலிருந்து புரியும். அதைச் செய்வதற்கு ஒரு செயல் கிடையாது. பிள்ளை உதட்டைப் பிதுக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்குக் கொடுக்கும் இலக்கு என்றால் எதிராளியிடம் ஏதாவது பெற வேண்டும், நடுவே ஒரு தடை வேண்டும், கிடைத்ததா இல்லையா என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும்.

விளையாட்டும் தேய்ந்துபோகும். கைக்குள் டொஃபி என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த டேக்கில் அவள் தேட மாட்டாள், தேடுவதுபோல நடிப்பாள். கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் சாமானை மாற்ற வேண்டும்: ஒரு பொத்தான், ஒரு துண்டு இஞ்சி, சிலவேளை வெறுங்கை. பிள்ளை சிரித்தால் "சிரிக்காதே" என்பதைவிட ஆட்டத்தைக் கடினமாக்குவது மேல். சிரிப்பு வந்தால் பெரும்பாலும் வெற்றி மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் சொல் மாறுவதால் படத்தொகுப்பாளர் திட்டுவார், நியாயம்தான். வழி என்னவென்றால், பிள்ளையின் அண்மைக் காட்சியை அவள் களைக்கும் முன்பே எடுத்துவிட்டு, அதில் நல்ல டேக்கைக் கேட்டு, அம்மம்மாவின் பக்கத்தைப் பிறகு அதற்கேற்ப எடுப்பது. இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி நடிகை ஒரு கணம் விட்டுப் பதில் சொல்ல வேண்டும். 'அக்‌ஷன்' என்று கத்தாமல் கமராவை ஓடவிட்டு, கிளாப்பைக் கடைசியில் அடிக்கலாம். கரையோர ரயில் கடந்துபோனால் ஆட்டத்தை நிறுத்தக்கூட வேண்டாம், பிள்ளை தேடிக்கொண்டே இருப்பாள். சத்தம் அடங்கியதும் நடிகை "சாப்பிடு பிள்ளை" என்று தொடக்கத்துக்கு இழுத்துவருவார். ஆக, பாதிச் சுமை அந்த நடிகையின் தலையில். தன் வசனத்தை மட்டும் ஒப்பிப்பவர் இதற்குச் சரிவர மாட்டார்.

விளையாட்டு வேறு, ஏமாற்று வேறு. 1931இல் வந்த 'ஸ்கிப்பி' படத்தில் ஜாக்கி கூப்பர் என்ற சிறுவனை அழவைக்க, அவனுடைய நாயைச் சுட்டுவிட்டதாக நம்பவைத்தார்கள். கண்ணீர் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து அவர் எழுதிய நினைவுக்குறிப்பின் தலைப்பே அந்த நாயைப் பற்றியதுதான். என் கணக்கில் எல்லை இதுதான்: ஆட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்பதை முழுதாகப் பிள்ளையிடம் சொல்ல முடிய வேண்டும், அவளும் அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும்.

எல்லாக் காட்சிக்கும் இது சரிவராது. கதையின் முடிச்சு ஒரு குறிப்பிட்ட பெயரிலோ திகதியிலோ தங்கியிருந்தால் அந்தச் சொல் அப்படியே வந்தாக வேண்டும். அப்போதும் அந்த ஒரு சொல்லை மட்டும், கமரா ஓடும்போதே, ராகமில்லாமல் காதில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். நாலைந்து பேர் நீளமாகப் பேசும் காட்சிக்கு அதுவும் போதாது. அங்கே வசனத்தைப் பாடமாக்கக்கூடிய பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தேடுவதோ, பிள்ளையின் பங்கை இரண்டு வரிக்குக் குறைத்து எழுதுவதோதான் வழி.