காலந்தாழ்த்து மடக்கு: சொல்லும் கணக்கும்

அசெம்பிளி மொழியில் ‘டிலே லூப்’ என்பது, ஓர் எண்ணைப் பதிவகத்தில் இட்டு, அது சுழியாகும்வரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே இருப்பதால் மட்டும் நேரத்தைக் கழிக்கும் நிரல்துண்டு. ஆங்கிலத்தில் ‘லூப்’ என்பது கயிற்றை மடித்தால் வரும் வளைவைக் குறித்த சொல். தமிழில் வளையம் என்றும் எழுதுகிறார்கள். ஆனால் வளையம் வடிவத்தைத்தான் சொல்கிறது. அணியிலக்கணத்தில் வந்த சொற்றொடரே மீண்டும் வருவது மடக்கு. கட்டளைகள் மீண்டும் வருவதற்கு அதுவே பொருந்தும். இங்கே தாமதம் தானாக நேர்வதில்லை, நாமே உண்டாக்குகிறோம்; ஆகவே ‘தாழ்’ என்னும் தன்வினையை விடுத்துப் பிறவினையால் ‘காலந்தாழ்த்து மடக்கு’ என்பதே என் தேர்வு.

எவ்வளவு நேரம் தாழ்த்துகிறது என்பதைக் கட்டளைகள் எடுக்கும் டி-நிலைகளைக் கூட்டிக் கணக்கிடலாம். ஒரு டி-நிலை என்பது ஒரு கடிகாரத் துடிப்பு. இன்டெல் 8085 நுண்செயலியில் 0.1 நொடித் தாமதம் வேண்டும், படிகம் 6 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். இச்சில்லு படிகத்தின் அதிர்வெண்ணை உள்ளே பாதியாக்கிக்கொள்வதால், கடிகாரம் 3 மெகாஹெர்ட்ஸ்தான், 0.1 நொடிக்கு 3,00,000 டி-நிலைகள் தேவை.

```
      LXI B, 30D4H  ; 10
L1:   DCX B         ; 6
      MOV A, C      ; 4
      ORA B         ; 4
      JNZ L1        ; 10/7
```

ஒரு சுற்றுக்கு 6+4+4+10 = 24 டி-நிலைகள். 3,00,000-ஐ 24-ஆல் வகுத்தால் 12,500. பதினாறடிமானத்தில் அது 30D4. கடைசிச் சுற்றில் `JNZ` தாவாமல் கீழே இறங்குவதால் 10-க்குப் பதில் 7 மட்டுமே எடுக்கும்; எனவே மொத்தம் 10 + 24×12,500 − 3 = 3,00,007 டி-நிலைகள், அதாவது ஏறத்தாழ 100.002 மில்லிநொடி. இத்துண்டைத் துணைநிரலாக அழைத்தால் `CALL`-க்கு 18, `RET`-க்கு 10 என மேலும் கூடும்.

நடுவிலுள்ள இரு வரிகளைத் தேவையற்றவை என்று நீக்கிவிடக் கூடாது. `DCX` எந்தக் கொடியையும் மாற்றுவதில்லை என்பதால், அவை இல்லாவிட்டால் `JNZ` முன்பிருந்த சுழிக் கொடியையே பார்க்கும். மடக்கு ஒரே சுற்றில் முடியும், இல்லையேல் முடியவே முடியாது. எண்ணைப் பகிர்ந்து வைத்திருக்கும் `B`, `C` ஆகிய இரு பதிவகங்களையும் `ORA` செய்து சுழியா என்று சோதிப்பது அதற்காகத்தான். இதில் `A`-யின் பழைய மதிப்பு அழிவதால், அது தேவையென்றால் முன்னரே அடுக்கில் சேமிக்க வேண்டும்.

இம்மடக்கைக் கொண்டு சிமிட்டவைக்கும் விளக்கு எதிர்பார்த்ததைவிடச் சரியாக இருமடங்கு மெதுவாகச் சிமிட்டினால், படிகத்தின் 6 மெகாஹெர்ட்ஸையே கடிகாரமாக எடுத்து 25,000 சுற்றுகள் இட்டிருக்கிறோமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தாமதம் ஒரே அளவாக இல்லாமல் அவ்வப்போது நீண்டால், மடக்கின் நடுவே குறுக்கீடுகள் நுழைகின்றன. அந்நேரத்தை இந்தக் கணக்கு அறியாது.